ஒப்பந்தம் இங்கிலீஷில், தவணை நம் கையில்

கேள்வி

ஐயா, நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் வீட்டோடு சேர்த்து அப்பளம் போட்டு விற்கிறோம். மாவு பிசையும் மிஷின் வாங்க 2025 ஜனவரியில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் மூன்று லட்சம் லோன் எடுத்தோம். மாதம் 11,583 ரூபாய், 36 மாதம். 13 சதவீத வட்டிதான், ரூபாய் வட்டிக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னார்கள். ஒப்பந்தம் முழுக்க இங்கிலீஷ். கையெழுத்து போட்ட அன்று என் மகன் போனில் எடுத்த போட்டோதான் இருக்கிறது. 14 தவணை கட்டிவிட்டோம். இப்போது முடித்துவிடலாம் என்று கேட்டால், "மீதி 22 தவணையும் சேர்த்துக் கட்டணும்" என்கிறார்கள். என் கணக்கில் அசல் 1,83,000தான் பாக்கி. பக்கத்து வீட்டில், ரிசர்வ் வங்கி முன்கூட்டிக் கட்டும் அபராதத்தை எடுத்துவிட்டது என்கிறார்கள். பேத்தி அகராதி பார்த்து, ஃபோர்குளோஷர் என்றால் அடமானத்தை மீட்கும் உரிமை போவது என்கிறாள். வீட்டுக்கு ஏதும் ஆகுமா? பேங்கில் நகையை 9.5 சதவீதத்துக்கு வைத்து இதை முடிக்கலாமா? ஜூலை கடைசியில் ஒரு லட்சம் சீட்டுப் பணமும் வரும். போட்டோக்களை அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, வில்லாபுரம்

பதில்

அம்மா, முதலில் வீட்டை விட்டுவிடுவோம். அதற்கு ஒன்றும் ஆகாது.

பேத்தி பார்த்த அகராதி தப்பில்லை. ஃபோர்குளோஷர் என்ற சொல்லுக்குச் சட்ட வழக்கில் அந்த அர்த்தம்தான். கடன் கட்டாதவரின் வீட்டைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வது. நம் ஊர் லோன் தாள்களில் அதே சொல், கடன் வாங்கியவர் தானே முன்வந்து கெடுவுக்கு முன்பே கணக்கை முடிப்பதைக் குறிக்கும். எனவே நீங்கள் அனுப்பிய ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும் "ஃபோர்குளோஷர் சார்ஜ் 5 சதவீதம்" என்பது ஜப்திக் கட்டணம் இல்லை, முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம். பதினான்காம் பக்கத்து அட்டவணையில் ஈடு என்ற வரிசைக்கு எதிரே "நில்" என்று அச்சாகியிருக்கிறது. ஈடு எதுவும் இல்லை என்று பொருள். வீட்டுப் பத்திரத்தை நீங்கள் கொடுக்கவும் இல்லை, அவர்கள் வாங்கவும் இல்லை. கையெழுத்துப் போட்ட செக் லீஃப் கொடுத்திருப்பீர்கள், அது வேறு. கடைசியில் அதற்கு வருகிறேன்.

போட்டோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தம் 22 பக்கம். வந்திருப்பது 9 பக்கம். பெரும்பாலானவர்கள் கையெழுத்து போட்ட பக்கத்தையும் முதல் பக்கத்தையும்தான் படம் எடுப்பார்கள். உங்கள் மகன் கெட்டிக்காரர், அட்டவணைப் பக்கத்தை எடுத்திருக்கிறார். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் முன்னால் உள்ள பக்கங்களில் வட்டி எவ்வளவு என்று எங்கும் இருக்காது. "அட்டவணையில் கண்டபடி" என்றுதான் இருக்கும். எண்கள் எல்லாம் கடைசியில் ஒரு பக்கத்தில் கிடக்கும், பெரும்பாலும் பேனாவால் எழுதி. உங்கள் படத்தில் அந்தப் பக்கத்தின் மேல் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கிறது. வட்டி விகிதம் 13.00 என்பது போலவும் தெரிகிறது, 18.00 என்பது போலவும் தெரிகிறது. அதற்குப் பக்கத்துச் சொல் பாதி மங்கல்.

மங்கினால் என்ன, மாதத் தவணை மங்காது. அது உங்கள் பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அச்சாகிக்கொண்டிருக்கிறது. மொழி தெரியாத ஒப்பந்தத்தைப் படிக்க நான் சொல்லும் வழி இது: தாளை விட்டுவிட்டுத் தவணையைப் பிடியுங்கள். தவணை, மாதங்கள், கையில் வந்த பணம் ஆகிய மூன்றும் தெரிந்தால் வட்டியின் அளவு மட்டுமில்லை, அதன் வகையும் வெளியே வந்துவிடும்.

11,583 ரூபாய் 36 மாதம் என்றால் மொத்தம் 4,17,000. அதில் அசல் 3 லட்சம் போக வட்டி 1,17,000. வருஷத்துக்கு 39,000. அது மூன்று லட்சத்தில் சரியாக 13 சதவீதம். படத்தில் இருப்பது 18 என்றால் தவணை 12,833 வந்திருக்க வேண்டும். ஆக, அது 13தான். மங்கலான சொல்லும் தெரிந்துவிட்டது: ஃப்ளாட். ஏனென்றால் அதே 13 சதவீதம் குறையும் பாக்கிக்கு, அதாவது ரெட்யூசிங் முறையில் போட்டிருந்தால் தவணை 10,108 ரூபாய்தான் வந்திருக்கும். மாதம் 1,475 ரூபாய் வித்தியாசம். மூன்று வருஷத்தில் 53,000 ரூபாய்க்கு மேல்.

இந்த ஃப்ளாட் என்ற சொல்தான் உங்கள் கேள்வி முழுவதற்கும் வேர். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மூன்று லட்சம் வாங்கி மாதாமாதம் அசலையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். பத்தாவது மாதம் உங்கள் கையில் கம்பெனிப் பணம் மூன்று லட்சம் இல்லை, முப்பதாவது மாதம் அரை லட்சம்தான் சொச்சம். ஆனாலும் ஃப்ளாட் முறையில் கடைசி மாதம் வரை மூன்று லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. 13 சதவீதம் என்றதும் நீங்கள் பன்னிரண்டால் வகுத்து, நூற்றுக்கு ஒரு ரூபாய் எட்டு காசு, அதாவது ரூபாய் வட்டி என்று மனதில் வைத்துக்கொண்டீர்கள். அவர்கள் சொன்னதும் அதைத்தான். உண்மையில் கையில் இருக்கும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் இந்தத் தவணை நூற்றுக்கு ஒரு ரூபாய் தொண்ணூறு காசு. வருஷத்துக்கு 22.8 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு வட்டி. கீழமாசி வீதியில் கைமாற்று கொடுப்பவரிடம் இரண்டு வட்டி என்றால் நீங்கள் தயங்கியிருப்பீர்கள்; 13 சதவீதம் என்றதும் தயங்கவில்லை. குறை உங்களுடையது இல்லை. இரண்டு வேறு அளவுகோல்களை ஒரே பெயரில் சொன்னதால் வந்தது.

கணக்கைச் சரிபார்க்க மகனிடம் கம்ப்யூட்டரில் ஒரு விரிதாளைத் திறந்து இதைப் போடச் சொல்லுங்கள். முதல் எண் மாதங்கள், அடுத்தது தவணை, கடைசியில் வாங்கிய தொகை:

```
=RATE(36,-11583,300000)*12
```

0.228 என்று வரும். அதுதான் 22.8 சதவீதம்.

அப்புறம், ஃப்ளாட்டா ரெட்யூசிங்கா என்பது ஒரு கேள்வி. நிலையான வட்டியா மாறும் வட்டியா என்பது வேறு கேள்வி. ஃபிக்ஸட், ஃப்ளாட் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வங்கியில் கடன் பிரிவில் இருந்த நாட்களில், ஃபிக்ஸட் என்றால் ஃப்ளாட்தானே சார் என்று படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். ஃபிக்ஸட் என்றால் வட்டி விகிதம் கடன் முடியும் வரை மாறாது. ஃப்ளோட்டிங் என்றால் வெளியே வட்டி ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். உங்களுடையது ஃபிக்ஸட் என்று ஏழாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. நிலையான வட்டி, ஆனால் முதல் அசலுக்கே போட்ட வட்டி. இரண்டும் சேர்ந்தது உங்கள் கடன். இந்த ஃபிக்ஸட் என்ற சொல் எங்கே கை கொடுக்காமல் போகிறது என்பதைக் கட்டணத்தைச் சொன்ன பிறகு சொல்கிறேன்.

உங்கள் பாஸ்புக் படத்தில் 2025 ஜனவரி மாதம் வரவு 2,82,000 ரூபாய். மூன்று லட்சம் இல்லை. 18,000 எங்கே போனது என்று அட்டவணையின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. பிராசஸிங் கட்டணம் 3 சதவீதம், 9,000. அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 1,620. டாகுமெண்ட் செலவு 1,380. காப்பீட்டு பிரீமியம் 6,000. இவை எல்லாவற்றையும் முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டிருக்கிறார்கள். வட்டி மட்டும் மூன்று லட்சத்துக்கு. மேலே சொன்ன சூத்திரத்தில் 300000 என்பதற்குப் பதில் 282000 என்று போட்டுப் பாருங்கள். 27.5 சதவீதம் வரும். நூற்றுக்கு இரண்டேகால் வட்டிக்கும் கொஞ்சம் மேலே. இதுதான் இந்தக் கடன் உங்களுக்கு உண்மையில் என்ன விலை என்பது.

இந்த எண்ணை நீங்களோ நானோ தோண்டி எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஆக்கத்தான் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற ஒரு தாளைக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் காப்பீடு வரை எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்தர விகிதம் ஒரே எண்ணாக இருக்கும். ஏபிஆர் என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு தவணையிலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற பட்டியலும், முன்கூட்டி முடித்தால் என்ன கட்டணம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். அந்தத் தாள் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். படித்துச் சொல்லி, புரிந்தது என்று கையெழுத்தும் வாங்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்கக் கூடாது.

உங்கள் கடன் 2025 ஜனவரி. எனவே அந்தத் தாள் உங்களுக்கு உண்டு. நீங்கள் அனுப்பிய ஒன்பது படங்களில் அது இல்லை. கொடுக்கவே இல்லையா, கொடுத்து நீங்கள் படம் எடுக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. அட்டவணையில் பதினான்குக்கு அடுத்து இருப்பது பதினேழாம் பக்கம் என்பதால் நடுவில் இரண்டு பக்கம் இருக்கின்றன. அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். கிளைக்குப் போய் ஒப்பந்தத்தின் முழு நகலும், தமிழில் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்டும் எழுதிக் கேளுங்கள். முழு ஒப்பந்த நகலைக் கொடுப்பது அவர்கள் செய்யும் உதவி இல்லை, கடன் அனுமதிக்கும்போதே கொடுத்திருக்க வேண்டியது.

இப்போது முன்கூட்டி முடிப்பது. பக்கத்து வீட்டில் சொன்னது பாதி உண்மை. 2025 ஜூலை 2இல் ரிசர்வ் வங்கி அப்படி ஒரு உத்தரவு போட்டது நிஜம். ஆனால் அது 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதித்த அல்லது புதுப்பித்த கடன்களுக்கு. அதிலும் கட்டணம் கூடாது என்று சொன்னது ஃப்ளோட்டிங் வட்டிக் கடன்களுக்கு. தொழில் கடன் என்றால் கொடுத்த நிறுவனம் எந்த வகை, தொகை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் கடன் ஒரு வருஷம் முந்தியது, வட்டியோ ஃபிக்ஸட். இரண்டு காரணத்தாலும் அந்த வாசல் உங்களுக்குத் திறக்காது. ஃபிக்ஸட் கை கொடுக்காமல் போகிற இடம் என்று சொன்னேனே, அது இதுதான். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் கட்டணத்தைக் கட்டித்தான் வெளியே வர வேண்டும்.

என்ன எழுதியிருக்கிறது? ஒன்பதாம் பக்கத்து எட்டாவது பிரிவை அப்படியே தமிழில் சொல்கிறேன். முதல் ஆறு தவணை வரை முடிக்க முடியாது. ஏழாவது முதல் பதினெட்டாவது தவணை வரை, அன்றைய தேதியில் நிலுவையில் உள்ள அசலில் 5 சதவீதம், கூடவே வரி. பதினெட்டுத் தவணை கட்டி முடித்த பிறகு 3 சதவீதம், கூடவே வரி. முடிக்க விரும்பினால் 30 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இதில் ஒரு சொல்லைத்தான் விரல் வைத்துப் பிடிக்க வேண்டும்: "நிலுவையில் உள்ள அசல்". மீதித் தவணைகள் என்று அங்கே எழுதவில்லை. எனவே 22 தவணையும் சேர்த்து 2,54,833 ரூபாய் கட்ட வேண்டும் என்று போனில் சொன்னவர் சொன்னது அவர்கள் ஒப்பந்தத்துக்கே விரோதம். இனிமேல் வரப்போகிற 22 மாத வட்டியை இன்றைக்கே கேட்கிறார். ஒருவேளை வசூல் பிரிவில் இருக்கும் பையன் திரையில் தெரிந்த மொத்தத்தைப் படித்துச் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் பெரும்பாலும் நடக்கும்.

ஆனால் உங்கள் 1,83,000 கணக்கும் நிற்காது. மூன்று லட்சத்தை 36ஆல் வகுத்து, மாதம் 8,333 அசல் கழிந்தது என்று போட்டிருக்கிறீர்கள். கம்பெனியின் கணக்கில் அசல் அப்படிக் கழியாது. ஃப்ளாட் என்பது தவணையைக் கணக்கிட்ட முறை மட்டும்தான். கணக்குப் புத்தகத்தில் அதை 22.8 சதவீத ரெட்யூசிங் கடனாகத்தான் ஏற்றுவார்கள். முதல் தவணை 11,583இல் வட்டி 5,703 போனது, அசலில் கழிந்தது 5,880தான். பிற்பாடு வட்டி குறையக் குறைய அசல் வேகமாகக் கழியும். பதினான்கு தவணையில் நீங்கள் கட்டிய 1,62,167 ரூபாயில் அசலுக்குப் போனது ஏறத்தாழ 93,300. பாக்கி அசல் 2,06,700 ரூபாய். நீங்களே பார்க்க, மாத வட்டி, மீதித் தவணைகள், தவணைத் தொகை என்ற வரிசையில்:

```
=PV(0.01901,22,-11583)
```

ஆக மூன்று எண்கள். அவர்கள் சொன்னது 2,54,833, நீங்கள் நினைத்தது 1,83,000, சரியானது 2,06,700. கம்பெனியின் தவணைப் பட்டியலில் பதினான்காவது வரிசைக்கு எதிரே மூன்றாவது எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நூறு இருநூறு ரூபாய் முன்பின் ஆகலாம்.

இதற்கு 5 சதவீதம் 10,335. ஜிஎஸ்டி சேர்த்து 12,195. இன்றைக்கே முடித்தால் மொத்தம் 2,18,900 ரூபாய் வேண்டும். முடிக்காமல் விட்டால் இனிமேல் கட்டப்போகும் வட்டி 48,150. அதில் கட்டணம் போக 36,000 மிச்சம். இது கைப்பணத்தில் முடித்தால். உங்களுக்கு இருப்பது நகை. 9.5 சதவீதத்துக்கு நகையை வைத்து இதை முடித்து, அதே 11,583 ரூபாயை மாதாமாதம் பேங்கில் கட்டி வந்தால் இருபதரை மாதத்தில் நகை திரும்பிவிடும். 22 மாதத்துக்குப் பதில் இருபதரை. பணமாகச் சொன்னால் 16,000 ரூபாய் சொச்சம் லாபம், மதிப்பீட்டுக் கட்டணம் போன்றவை போக அதிலும் கொஞ்சம் குறையும். 22.8இலிருந்து 9.5க்கு மாறுகிறோம் என்று கேட்கும்போது தோன்றும் அளவுக்கு லாபம் பெரிதில்லை, பாருங்கள். கட்டணம் பாதியைத் தின்றுவிடுகிறது. தவிர, இந்தக் கடனில் இப்போது ஈடு எதுவும் இல்லை. மாற்றினால் கழுத்து நகை ஈடாகிறது. பேங்க் நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வருஷக் கெடு; மாதம் கட்டச் சொல்லி யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அது வசதிதான், அந்த வசதியில்தான் நகை முங்குவதும்.

அதனால் நான் என்ன செய்வேன் என்றால், ஜூலை வரை பொறுப்பேன்.

கணக்கு இது. பதினெட்டாவது தவணை ஜூலை 5. அதைக் கட்டியதும் பாக்கி அசல் ஏறத்தாழ 1,75,200. கட்டணம் 3 சதவீதமாக இறங்கிவிடும், வரியோடு 6,200. மொத்தம் 1,81,400; ஜூலை 5க்குப் பின் முடிக்கும் நாள் வரையான வட்டி தனி. அந்த மாதக் கடைசியில் சீட்டுப் பணம் ஒரு லட்சம் வருகிறது. மீதி 81,400க்கும் அந்தச் சில நாள் வட்டிக்கும் மட்டும் நகை வைத்தால் போதும். இன்றைக்கு 2,18,900க்கு வைப்பதை விடப் பாதிக்கும் குறைவான நகை.

காத்திருப்பதற்கு விலை உண்டு, மறைக்கவில்லை. இந்த நான்கு தவணையில் கம்பெனிக்குப் போகிற வட்டி 14,800. அதே நான்கு மாதம் நகைக் கடனில் இருந்திருந்தால் 6,500தான் போயிருக்கும். ஆக 8,300 கூடுதல் வட்டி, கட்டணத்தில் 6,000 மிச்சம். நிகர நஷ்டம் 2,300 ரூபாய் அளவுக்கு. ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் பெறுமானமுள்ள கடனுக்கான நகை வீட்டிலேயே இருப்பதற்கு அந்த 2,300 எனக்குச் சரியான விலையாகத் தெரிகிறது. சீட்டு வராமல் போனால் அப்போதும் இதே வழி உங்களுக்குத் திறந்தே இருக்கும். உங்களுக்கு இது பிடிக்கவில்லை, இப்போதே தலைமுழுக வேண்டும் என்றால் அதுவும் தப்பான முடிவு இல்லை. ஆனால் ஒன்று: கையில் சும்மா கிடக்கிற சொந்தப் பணம் இருந்தால், கட்டணம் இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். 6,000 ரூபாய் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 14,800 வட்டி கட்டிய கதையாகிவிடும்.

ஜூலை என்று முடிவு செய்தால் ஜூன் கடைசியில் கடிதம் கொடுங்கள், 30 நாள் முன்னறிவிப்பு அதிலேயே கழிந்துவிடும். கடிதத்தில் முடிக்கும் தேதியை ஜூலை 5க்குப் பிந்திய தேதியாகப் போடுங்கள், உதாரணமாக ஜூலை 31. தேதி போடாமல் விட்டால் பதினெட்டாவது தவணைக்கு முந்திய நாளில் கணக்கை எடுத்து 5 சதவீதம் போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட். போனில் சொல்கிற தொகை ஒன்றுக்கும் உதவாது. தாளில், பாக்கி அசல் தனியாக, அன்றுவரை வட்டி தனியாக, கட்டணம் தனியாக, வரி தனியாக, இந்தத் தொகை எந்தத் தேதி வரை செல்லும் என்பதோடு வர வேண்டும். அதில் ஒரே மொத்தமாக எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பிரித்துக் கேளுங்கள். நகையை அந்தத் தாள் கையில் வந்த பிறகுதான் வைக்க வேண்டும், முன்னால் இல்லை.

ஸ்டேட்மென்ட் வரும்போது இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, 3 சதவீதத்தைப் பாக்கி அசலில் போட்டார்களா, மூன்று லட்சத்தில் போட்டார்களா. மூன்று லட்சத்தில் போட்டால் வரிக்கு முன்பே 9,000 என்று நிற்கும். இரண்டு, போன நவம்பர். மழையில் அப்பளம் காயாமல் ஒரு தவணை பத்து நாள் தள்ளிப்போனதைப் பாஸ்புக்கில் பார்த்தேன். செக் திரும்பியதற்கு 590, அப்புறம் "கூடுதல் வட்டி" என்று 348 பிடித்திருக்கிறார்கள். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் வாங்கலாம். அதை வட்டியாக ஏற்றவோ அதன்மேல் மறுபடி வட்டி போடவோ கூடாது என்று 2023 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் அமல். உங்கள் ஒப்பந்தத்தில் இன்னும் பழைய வாசகம் கிடக்கிறது. 348 ரூபாய் பெரிய காசில்லை. ஆனால் அது அசலோடு சேர்ந்து இன்றுவரை வட்டி தின்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டுக்கு 6,000 கட்டியிருக்கிறீர்களே, அந்த பாலிசித் தாள் வீட்டில் இருக்கிறதா? கடனை முன்னால் முடித்தால் மீதிக் காலத்துக்கான பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்குமா என்பது அந்தத் தாளில் இருக்கும். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

கிளையில் பதில் சொல்லாமல் இழுத்தாலோ, 22 தவணைக் கணக்கிலேயே நின்றாலோ கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பெயரும் முகவரியும் கிளைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் பதியலாம், காசு கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். முத்திரை போட்ட அந்தக் கடித நகல்தான் அங்கே முதலில் கேட்கிற காகிதம்.

பணம் கட்டிய அன்று ரசீதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். கடன் முடிந்ததற்கான என்ஓசி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் லீஃப்கள், மாதாமாதம் கணக்கிலிருந்து பிடிக்கக் கொடுத்த அனுமதியை ரத்து செய்த கடிதம், இந்த மூன்றும் வேண்டும். உங்கள் பேங்கிலும் அந்த அனுமதி ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள். முடிந்த கடனுக்கு ஆகஸ்ட் 5இல் ஒரு தவணை பிடித்து, அதைத் திரும்ப வாங்க ஒரு மாதம் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் இந்தக் கணக்கு "குளோஸ்டு" என்று வந்திருக்கிறதா என்றும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். "செட்டில்டு" என்று வந்திருந்தால் விடக் கூடாது. அது தள்ளுபடி வாங்கி முடித்தவர்களுக்குப் போடுகிற சொல். நீங்கள் முழுசாகக் கட்டி முடிக்கிறீர்கள்.

அதெல்லாம் ஜூலையில். இந்த வாரம் செய்ய வேண்டியது பதினைந்தாம், பதினாறாம் பக்கங்களை வாங்குவது. படம் எடுக்கும்போது தாளை ஜன்னலோரம் தரையில் விரித்து, ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, நான்கு மூலையும் பக்க எண்ணும் தெரியும்படி நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு பக்கத்தில் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எட்டாவது பிரிவில் உள்ளதற்கு வேறாக எழுதியிருந்தால், நகைப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.